உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தக் கடைசி பாட்டில்

என் அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

இந்த மாதத்தோடு நம் வாசனைத் திரவியக் கடையை மூடுகிறோம். பத்தொன்பது வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். உங்களில் பலரைப் பெயர் தெரியும் முன்பே, வாங்கும் வாசனையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டேன். இனி நேரில் சொல்ல முடியாது என்பதால் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். என்னிடம் கடைசியாக வாங்கிய பாட்டிலைத் தயவுசெய்து குளியலறையில் வைக்காதீர்கள்.

ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். கால்வாசி மிச்சமிருந்த பாட்டிலைக் கொண்டுவந்து, "போலியைக் கொடுத்துட்டியேம்மா" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். காகிதப் பட்டையில் அடித்துப் பார்த்தேன். உண்மைதான், வினிகர் போலப் புளித்த வாடை. "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்து அதே பட்டையை அவரிடம் நீட்டினேன். முகர்ந்தவர் பேசவே இல்லை. அவருக்குப் பழக்கமான சந்தன வாசனை அப்படியே இருந்தது.

பாட்டிலை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். குளியலறை ஜன்னல் ஓரமாம். வெயில், வெந்நீர் ஆவி, அப்புறம் பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே சேரும் காற்று, இந்த மூன்றும்தான் வாசனையைக் கெடுப்பவை. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி முதலில் எழும் வாசனைகள்தான் முதலில் கெடும். மரம், பிசின் போன்ற அடி வாசனைகள் அதிக நாள் தாங்கும். அதனால் முதல் நொடியை மட்டும் முகர்ந்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். அரை மணி கழித்தும் அந்தப் புளிப்பு போகவில்லை என்றால்தான் அது முடிந்த கதை. நிறம் கருத்துவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம். வெனிலா சேர்ந்தவை நாளாக நாளாகப் பழுப்பாகும், அது இயல்பு.

அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அது வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, படுக்கையறை அலமாரியின் இருட்டான அடித்தட்டில் வையுங்கள். பாதிக்குக் கீழே போய்விட்டால், சுத்தமான சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்து வரை நிரப்பி மாற்றி வைக்கலாம். காற்றுக்கு இடமில்லாமல் போகும்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அதே பெயரில் நாளை வேறு கடையில் வாங்கினாலும் அதே வாசனை கிடைக்கும் என்று நிச்சயமில்லை. ஓக் மரப்பாசி போன்ற சில பொருட்கள் ஒவ்வாமை தருவதால் கட்டுப்பாடு வந்து, பல பழைய வாசனைகளின் கலவையை மாற்றிவிட்டார்கள். பெட்டியும் பெயரும் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த அம்மா போன வாரம் வந்திருந்தார். அதே பாட்டில்தான், அடியில் ஒரு விரல் அளவு மிச்சம். வாங்க எதுவும் இல்லை. கையை மட்டும் நீட்டினார், நான் முகர்ந்து பார்த்தேன்.