குட்டி நாய் ராத்திரி அழுதால் கண்டுகொள்ளக் கூடாதா?

"புதுசா வந்த நாய்க்குட்டி ராத்திரி அழுதா எட்டிக்கூடப் பார்க்காதீங்க, அது பிடிவாதம், தனி ரூம்ல விட்டுக் கதவைச் சாத்துங்க, மூணு நாள்ல அடங்கிடும்."

இப்படிச் சுற்றிவரும் இந்த மெசேஜ் தப்பு. எட்டு வாரக் குட்டி அதுவரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக்கொண்டே தூங்கியது, திடீரென்று அந்தச் சூடும் வாசனையும் இல்லாமல் போனதால்தான் கூப்பிடுகிறது. தனியே பூட்டினால் பயம்தான் கூடும், சத்தம் நின்றாலும் பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

முதல் வாரம் அதன் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், முனகினால் கையைத் தொங்கவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். தூங்கிக்கொண்டிருந்த குட்டி நடுராத்திரி எழுந்து தரையை மோந்துகொண்டே சுற்றினால் அது சிறுநீருக்கு. அந்த வயதில் ராத்திரி முழுக்க அடக்க முடியாது. விளக்கைப் போடாமல், விளையாட்டுக் காட்டாமல் வெளியே கூட்டிப்போய்விட்டு திரும்பப் படுக்க வையுங்கள். அப்புறம் பழகப் பழகப் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம்.

அழுகையோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது இருந்தால் அது ஏக்கமில்லை, உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மேலே சொன்னதையும் அவரிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். அந்த மெசேஜை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.