லிமிட் வேறு, டிராயிங் பவர் வேறு

"கேஷ் கிரெடிட் கடனில் லிமிட் 10 லட்சம்னா முழுசா எடுக்கலாம், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் சும்மா ஃபார்மாலிட்டி."

பாதிதான் சரிங்க. லிமிட் உச்சவரம்பு, எடுக்க முடிவது ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் காட்டும் சரக்கை வைத்து வங்கி கணக்கிடும் டிராயிங் பவர் வரைக்கும்தான். செவ்வாய்ப்பேட்டையில் என் மளிகை மொத்தக் கடையில் போன மாதக் கடைசியில் சரக்கு 12 லட்சம். அதில் 4 லட்சத்துக்குப் புளியும் மிளகாயும் கடனுக்கு வாங்கியது. மூட்டை என் குடோனில்தான் கிடக்கிறது, ஆனாலும் வங்கி கழித்துவிட்டது. மீதி 8 லட்சத்தில் என் பங்காக 25 சதவீதம் மார்ஜின் போக டிராயிங் பவர் 6 லட்சம். வரவேண்டிய பாக்கியை எவ்வளவு சேர்ப்பார்கள் என்பது சாங்ஷன் லெட்டரைப் பார்த்தால் தெரியும்.

ஸ்டேட்மென்ட் தாமதமானால் போடும் அபராதம் வங்கிக்கு வங்கி மாறும், அது வேறு கதை. ஸ்டேட்மென்ட் 3 மாதத்துக்கு மேல் பழையதாகி, அதை வைத்தே தொடர்ந்து 90 நாள் பணம் எடுத்தால், கடை நன்றாக ஓடினாலும் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆகிவிடும்.