நீல வெளிச்சம் அளவுகோல் அல்ல

"ஏ.சி. யூனிட்டுக்குள்ள இருக்கிற யு.வி. லேம்ப் நீலமா நல்லாத்தானே எரியுது, எதுக்கு மாத்தணும்?"

அந்த நீலம் கிருமியைக் கொல்லாது சார். கொல்வது கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். ஓராண்டு, அதாவது சுமார் 9,000 மணி நேரம் எரிந்ததும் அது தளர்ந்துவிடும், நீலம் மட்டும் நிற்கும். கூலிங் காயிலிலிருந்து காற்று வெளிவரும் பக்கம், ஒரு அடி தள்ளி, காயிலின் தண்ணீர் வடியும் டிரெயின் பேன் தட்டிலும் ஒளி படும்படி மாட்டுங்கள். யு.வி. மீட்டரின் சென்சாரைக் காயில் மூலையில் வைத்து, கதவை மூடி வெளியே நின்று பாருங்கள். சதுர செ.மீ.க்கு 50 மைக்ரோவாட் இருந்தால் போதும். இரவு பகலாக எரிவதால் டோஸ் சேர்ந்துவிடும்.

அதே 50 கண்ணில் இரண்டு நிமிடம் பட்டாலே எட்டு மணி நேரத்துக்கான பாதுகாப்பு வரம்பு தீர்ந்துபோகும். கதவைத் திறந்தால் லேம்பை அணைக்கும் சுவிட்சை யாரோ பைபாஸ் செய்திருந்த யூனிட்டில் என் உதவியாளர் ஃபில்டர் மாற்றினான். அன்று இரவு கண்ணில் மணலைக் கொட்டியது போல் துடித்தான். பிரேக்கரைப் பூட்டிய பிறகே கதவைத் திறங்கள்.