மேசை யோகா கரோசலில் மூச்சை எங்கே எழுதுவது?

அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்காக யோகா ஆசிரியர்கள் இன்ஸ்டாகிராமில் போடும், ஸ்லைடு ஸ்லைடாக விரலால் தள்ளிப் பார்க்கும் கரோசல்களை விடாமல் பார்க்கிறவள் நான். என் தொழிலும் அதுதான். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி அலுவலகங்களில் வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கரோசல்கள் பலவற்றில் பயிற்சி சரியாக இருக்கிறது, படமும் நன்றாக இருக்கிறது. மூச்சு மட்டும் தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் வரிசையாகக் கழுத்து, தோள், முதுகு, மணிக்கட்டு என்று பயிற்சிகள். கடைசி ஸ்லைடில், “ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள், மனம் அமைதியாகும்.” இப்படி மூச்சைத் தனியே பிரித்துக் கடைசியில் வைப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாருக்கும் தெரிந்த கழுத்துப் பயிற்சியையே எடுத்துக்கொள்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையால் நாற்காலியின் வலது விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காதை இடது தோள் பக்கம் சாய்ப்பது. மதியத்துக்கு மேல் கழுத்தும் தோளும் கல் மாதிரி இறுகிவிடுகிறது என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்போம். இதில் நீள வேண்டியவை முக்கியமாக இரண்டு. கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதி ஒன்று. கழுத்தின் பக்கவாட்டில் இறங்கி மேல் இரண்டு விலா எலும்புகளில் போய்ச் சேரும் ஸ்கேலீன் தசைகள் இன்னொன்று.

இந்த ஸ்கேலீன் தசைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் பலமாக மூச்சை இழுக்கும்போது மேல் விலாக்களைத் தூக்கிக் கொடுப்பவை அவைதான். கூன் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு மடங்கி, உதரவிதானம் கீழே இறங்க இடம் குறைந்துவிடுகிறது. அவரிடம் “ஆழமாக இழுங்கள்” என்று சொன்னால் நெஞ்சும் தோளும்தான் மேலே ஏறும். அதாவது எந்தத் தசையைத் தளர்த்த வந்தோமோ அதையே இறுக்கச் சொல்கிறோம். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் தோள் ஏறுவது கண்ணில் படும், கை வைத்து இறக்கிவிடலாம். ஸ்லைடுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. அதில் இருக்கும் வாக்கியம்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

அதனால் மூச்சை விடுவதிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். “மூச்சை மெதுவாக விட ஆரம்பியுங்கள். விட்டுக்கொண்டே காதைத் தோள் பக்கம் இறக்குங்கள்.” இந்த வரிசை முக்கியம். மூச்சு முதலில், அசைவு அதன் பின்னால். சென்னையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் கற்றவர்களுக்கு இது புதிதல்ல. மூச்சு தொடங்கிய பிறகு அசைவு தொடங்கும், மூச்சு முடியுமுன் அசைவு முடிந்துவிடும். மேசை முன்னால் செய்யும் இரண்டு நிமிடப் பயிற்சிக்கு இது தேவையா என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் அதிகம் தேவை என்பேன். மின்னஞ்சலுக்கு நடுவில் எழுந்த அவசரத்தோடு கழுத்தைச் சாய்ப்பவர் வெடுக்கென்று சாய்க்கிறார். மூச்சோடு சேர்த்துவிட்டால் அதைவிட வேகமாகச் சாய்க்க முடியாது.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே என்று நானும் சொல்கிறேன். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகிறது, அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். மூன்று மூச்சில் அரை நிமிடம் ஆகிவிடும், ஒரு பக்கத்துக்கு அது போதும். ஆனால் புதிதாகச் செய்பவருக்கு ஆறு எண்ணுவதற்குள் மூச்சு தீர்ந்துபோய், அடுத்ததை ஆவென்று அள்ளி இழுப்பார். அதனால் “மூன்று உள்ளே, நாலு வெளியே. திணறினால் எண்ணாமல் செய்யுங்கள்” என்று ஸ்லைடிலேயே எழுதிவிடுவது நல்லது. மூச்சை அடக்கிப் பிடிக்கும் எதையும் இந்த மாதிரி பொதுப் பதிவில் போடவே கூடாது. படிப்பவர் கர்ப்பிணியா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரா என்று நமக்குத் தெரியாது.

“ஆழமாக, பத்து முறை” என்று எழுதினால் என்ன ஆகிறது என்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் வந்து, ஒரு பதிவைப் பார்த்து இருக்கையிலேயே மூச்சுப் பயிற்சி செய்ததாகவும், தலை லேசாகி விரல் நுனியெல்லாம் சுருசுருவென்று ஆகிவிட்டதாகவும் பயந்துபோய்ச் சொன்னார். செய்து காட்டச் சொன்னேன். பெரிது பெரிதாக, வேகமாக இழுத்து விட்டார். உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போது இப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேவைக்குக் கீழே இறங்கும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டாலே சரியாகிவிடும். அது அவருக்குத் தெரியாது, அந்தப் பதிவும் சொல்லவில்லை. “ஆழமாக” என்ற இடத்தில் “மெதுவாக, சத்தமில்லாமல்” என்று இருந்திருந்தால் அவர் அன்று பயந்திருக்க மாட்டார்.

அப்புறம் கரோசல் என்ற வடிவத்தையே யோசிக்க வேண்டும். அதைத் தள்ள ஒரு விரல் வேண்டும். வலது கை நாற்காலியைப் பிடித்திருக்கிறது, தலை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தலையோடு ஸ்லைடைப் படிக்கவும் முடியாது, எட்டித் தள்ளினால் தோள் ஏறிவிடும். மேசையில் கிடக்கும் போனைக் குனிந்து பார்த்தபடி செய்தால் கழுத்து முன்னால் தொங்கும். ஆகவே ஒரு கரோசலில் ஒரே ஒரு பயிற்சி, அதில் ‘செய்யும் ஸ்லைடு’ ஒன்றே ஒன்று. மற்ற ஸ்லைடுகள் எல்லாம் முன்னாலேயே படித்துவிட வேண்டியவை: நாற்காலியில் எவ்வளவு முன்னால் உட்காருவது, பாதம் எங்கே, போனை எங்கே சாய்த்து வைப்பது. செய்யும் ஸ்லைடில் நான் எழுதுவது இவ்வளவுதான்: “மூச்சை விட்டபடி காதை இறக்குங்கள். அங்கேயே மூன்று மெதுவான மூச்சு. கையால் தலையைத் தாங்கி, மூச்சை இழுத்தபடி நிமிருங்கள்.” ஒருமுறை படித்தால் நினைவில் நிற்கும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செய்யலாம்.

கையால் தாங்குவதை விட்டுவிடாதீர்கள். பெரியவர்களின் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நீட்டி முடித்த தசையையே கொண்டு அதைத் தூக்க வைத்தால் அது மறுபடி இறுகும். சாய்த்த பிறகு கையால் தலையை அழுத்தி இழுப்பதும் வேண்டாம், தலையின் எடையே போதும்.

நாற்காலியைப் பற்றியும் ஒரு ஸ்லைடு வேண்டும். படங்களில் இருப்பது நாலு கால் மர நாற்காலி, அலுவலகத்தில் இருப்பது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. முதுகைத் திருகும் பயிற்சியில் மேசையைப் பிடித்துத் திரும்பினால் நாற்காலியும் கூடவே சுழலும், முதுகு இருந்த இடத்திலேயே இருக்கும். முழங்காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு முழங்கால் மற்றதைவிட முன்னால் போயிருந்தால் சுழன்றது நாற்காலி. இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் தண்ணீர் பாட்டிலை இடுக்கிக்கொண்டால் இடுப்பு நிற்கும். மூச்சை விடும்போது திரும்புங்கள், இழுக்கும்போது அங்கேயே நிமிருங்கள்.

எச்சரிக்கையை இரண்டாவது ஸ்லைடில் போடுங்கள் என்று சக ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கடைசிவரை தள்ளிப் பார்ப்பவர்கள் குறைவு. “கழுத்தின் பக்கவாட்டில் இதமான இழுப்பு மட்டும் இருக்கலாம். வலி கைக்கு இறங்கினால், விரல் மரத்துப்போனால், கையில் பலம் குறைந்தால், தலை சுற்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள் பதிவைப் பார்த்துச் செய்ய வேண்டாம், நேரில் கேளுங்கள்.” இதைப் பெரிய எழுத்தில், நம் முகம் இல்லாமல், வெறும் வெள்ளைப் பின்னணியில் போட்டால் போதும்.