மெஷினில் 91.6 வந்தால் போதுமா?

“எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் 91.6 காட்டிவிட்டால் நகை முழுக்க 22 கேரட்தான், வேறு சோதனையே வேண்டாம்.” வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

தவறு. எக்ஸ்ஆர்எஃப் மெஷின் நகைமேல் எக்ஸ்ரே பாய்ச்சி, அதில் தங்கம் எத்தனை சதவீதம் என்று அளக்கிறது. அந்த எக்ஸ்ரே தங்கத்துக்குள் சுமார் 10 மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கிறது. அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெள்ளி வளையலின்மேல் அதைவிடத் தடிமனாக 22 கேரட் தகடு போர்த்தியிருந்தால், மெஷின் 91.6 என்றே சொல்லும். மெஷின்மேல் குற்றமில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறது. உள்ளும் புறமும் ஒரே உலோகமாக இருந்தால், நன்றாக அளவீடு செய்த மெஷினில் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கும்.

உரைகல்லில் தேய்த்து ஆசிட் விடுவதும் மேற்பரப்பு சோதனைதான். கண்ணால் நிறம் பார்ப்பதால் ஒன்றிரண்டு சதவீதம் தப்பலாம். ஆனால் அரத்தால் ஆழமாக ராவி அந்த இடத்தில் உரசினால், முலாம் பல்லிளித்துவிடும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் நெருப்புச் சோதனைதான். 250 மில்லிகிராம் மாதிரியை வெட்டி, வெள்ளி சேர்த்து, ஈயத்தாளில் சுருட்டி உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகி எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்துக்குள் ஊறி இறங்கிவிடும். மிஞ்சும் மணியைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். அது 229 மில்லிகிராம் இருந்தால் ஆயிரத்துக்கு 916, அதாவது 91.6 சதவீதம். பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் வெட்டிய துண்டுக்குத்தான் இந்தக் கணக்கு. பற்றவைத்த இடத்தில் வெட்டினால் குறைவாக வரும்.

லாங்கு பஜாரில் புது நகை வாங்குகிறீர்களா? நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடான ஹெச்யுஐடியை பிஐஎஸ் கேர் செயலியில் பாருங்கள். பழைய, கனமான நகை என்றால் ஓர் ஓரத்தை ராவி, அதே இடத்தில் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.