கருவி நின்றது ஒரு நாள், கேட்க வேண்டியது நான்கு மாதம்

கருவி பழுதானதால் கூடுதல் காலம் கேட்கும் ஆய்வு மாணவர்கள் பலர், ‘ஆறு மாதம் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. நெறியாளர் தயங்குவதற்கு அதுவே காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அண்மையில் திருவொற்றியூரிலிருந்து வரும் இளைய ஆய்வாளர் ஒருவர் தம் விண்ணப்பத்தை எழுதிய முறையை அருகிலிருந்து பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருடைய ஆய்வு, எண்ணூர் முகத்துவாரத்தின் நீரிலும் வண்டலிலும் உள்ள ஈயம், காட்மியம், குரோமியம் பற்றியது. அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் வண்டலைச் சுடர் முறையிலும், நீரைக் கிராஃபைட் உலையிலும் அளந்துவந்தார். ஜனவரிக் கடைசியில் உலையின் பவர் சப்ளை போர்டு போய்விட்டது. சுடர் பகுதி நன்றாகவே இயங்கியது. எனவே நெறியாளர், “ஃப்ளேம் ஓடுகிறதே அம்மா, நீரையும் அதிலேயே அளந்துவிடலாமே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சுடர் முறையில் ஈயம் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரைச்சலிலிருந்து பிரித்தறிவது கடினம். அவருடைய நீர் மாதிரிகளில் பெரும்பாலானவை அதற்கும் கீழே இருந்தன. அளந்தால் அட்டவணை முழுவதும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே நிரம்பும். “மேடம், வண்டல் அத்தியாயத்தை இப்போதே முடித்துத் தருகிறேன், நீருக்கு மட்டும் காலம் வேண்டும்” என்று அவர் பிரித்துச் சொன்னதும் பேச்சின் போக்கே மாறியது.

அடுத்ததாக அவர் செய்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கருவி நின்ற நாளை மட்டும் குறிக்காமல், பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். பத்து மாதிரிகளுக்கு ஒரு முறை அவர் ஓட்டும், செறிவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசலுக்குக் கருவி காட்டிய அளவீடு, உலை நிற்பதற்குச் சில நாள்களுக்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரே மாதிரியை மும்முறை அளந்தால் ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்த வேறுபாடு இருபதைத் தொட்டிருந்தது. உலை முழு வெப்பத்தை எட்டாமல் தளரும்போது இப்படித்தான் தெரியும். ஆகவே சோதனைக் கரைசல் கடைசியாகச் சரியாக வந்த இடத்துக்குப் பிறகு அளந்த எல்லாவற்றையும் மீண்டும் அளக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதினார். அந்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். வாய்மொழித் தேர்வில் அது நிற்காது.

பிறகு கணக்கு. போர்டு வந்து சேர எட்டு வாரம் என்று சர்வீஸ் பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பழுது நீங்கியதும் அளவுத்திருத்தம் செய்து, அறிந்த செறிவுள்ள மேற்கோள் மாதிரியைக் கொண்டு சரிபார்க்க இரண்டு வாரம். மீதமுள்ளவை, மீண்டும் அளக்க வேண்டியவை எல்லாம் சேர்த்து 96 நீர் மாதிரிகள். ஒவ்வொன்றிலும் மூன்று உலோகங்கள், ஆக 288 அளவீடுகள். மும்முறை அளப்பதும் இடையிடையே சோதனைக் கரைசல் ஓட்டுவதும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 24தான் முடியும். கருவியோ பலருக்குப் பொது, இவருக்கு வாரத்தில் இரண்டு நாள். ஆக ஆறு வாரம். மொத்தம் பதினாறு வாரம், அதாவது ஏறத்தாழ நான்கு மாதம்.

இதில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே வைத்த நீர் மாதிரியை இந்த உலோகங்களுக்கு ஆறு மாதத்துக்குள் அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது, நவம்பர் இறுதியில் எடுத்த மாதிரிகளுக்கு மே இறுதியோடு கெடு முடிகிறது. போனால் அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். அதுவும் அதே மழையாக இராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதை நேரில் கண்ட எண்ணூர்க்காரர்களுக்கு, ஒரு மழைக்கு இன்னொரு மழை ஈடாகாது என்று விளக்கத் தேவையில்லை. எனவே உலை இயங்கியதும் அந்த மாதிரிகளையே முதலில் ஓட்டுவது என்றும், போர்டு வருவது மேலும் தாமதமானால் அவற்றை மட்டும் வெளி ஆய்வகத்தில், மிகக் குறைந்த உலோக அளவையும் காட்டும் ஐ.சி.பி. மாஸ் கருவிக்கு அனுப்புவது என்றும், அப்படி அனுப்பினால் இங்கே ஏற்கெனவே சரியாக அளந்த சிலவற்றையும் கூடவே அனுப்பி இரண்டு கருவிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என்றும் எழுதினார்.

நெறியாளர் அந்த வாரமே ஒப்புக்கொண்டு, அதை ஆய்வு ஆலோசனைக் குழுவின் குறிப்பிலும் ஏற்றினார். இதை எல்லா நெறியாளர்களும் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு உச்சவரம்பு. அதற்கு மேல் மறுபதிவின் வழியே அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஐந்தாம் ஆண்டில் நேர்ந்த பழுது அப்போதே குறிப்பில் ஏறாவிட்டால், மறுபதிவு கேட்கும் நாளில் அது வெறும் சாக்காகத்தான் தெரியும். காலம் நீண்டாலும் உதவித்தொகை தானாக நீளாது என்பதையும் நெறியாளர் அன்றே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நான்கு மாத வாடகைக்கும் அவர் வழி பார்த்தாக வேண்டும்.