எழுத்துப்பிழைக்குப் போன எட்டு மதிப்பெண்

'ஈரத்துணி காற்றில் ஏன் சீக்கிரம் காய்கிறது? விளக்குக.' இருபது மதிப்பெண் கேள்வி. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு, எழுத்துச் சிரமம் உள்ள ஒரு மாணவனுக்கு நான் அதில் போட்டது ஒன்பது. அந்த விடைத்தாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அவன் எழுதியதை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். 'காத்து அடிச்சா துணிகிட்ட இருக்கற நீராவி போயிடும், அதான் சீக்கிரம் காயுது' என்று எழுதியிருந்தான். விஷயம் அதில் இருக்கிறது. ஆனால் என் ரூப்ரிக்கில், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பிரிக்கும் அட்டவணையில், கருத்துக்கு 6, காரணத்தை இணைப்பதற்கு 6, பிழையின்மைக்கு 4, நேர்த்திக்கு 4. அறிவியல் தேர்வில் எட்டு மதிப்பெண்ணை எழுத்துக்கு ஒதுக்கியிருந்தவள் நான்தான்.

'பாவம், பாஸ் போட்டுவிடுங்கள்' என்றார்கள் சக ஆசிரியர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் போட்டால் அவனுக்கு ஆவியாதல் புரிந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது.

உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பிழைக்கான வரியை எடுப்பது சுலபம். அதைவிட மோசமானது கருத்து வரிக்குள் ஒளிந்திருந்தது: 'தெளிவான, பிழையற்ற நடையில் விளக்குகிறார்.' அதாவது ஒரே பிழைக்கு இரண்டு முறை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்! அதை இப்படி மாற்றினேன்: 'துணியை ஒட்டிய ஈரக்காற்று விலகுவதையும், ஈரக்காற்று தங்கினால் காய்வது ஏன் தாமதமாகும் என்பதையும் இணைத்துச் சொல்கிறார்.' கருத்துக்கு 8, இணைப்புக்கு 8, கலைச்சொல்லைச் சரியான பொருளில் பயன்படுத்துவதற்கு 4. வகுப்பு முழுவதற்கும் இதே அட்டவணைதான். அவனுக்கு மட்டும் வாய்மொழியாகப் பதில் சொல்லும் வாய்ப்பு கூடுதல்.

அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். இங்கேதான் நாம் தவறுவோம். 'அப்புறம்? அதனால என்ன ஆகும்?' என்று எடுத்துக் கொடுத்தால், அந்தப் பதில் பாதி நம்முடையதாகிவிடும். 'வேறு ஏதாவது சொல்லணுமா?' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு பெயரை மறைத்து இன்னொரு ஆசிரியரிடம் திருத்தக் கொடுத்தேன். 6, 5, 2. மொத்தம் 13. புதிய அட்டவணைப்படி நான் போட்டதும் கிட்டத்தட்ட அதுவே. ஈரக்காற்று தங்கினால் ஏன் தாமதமாகும் என்பதை அவன் சொல்லவே இல்லை. அதனால் முழு மதிப்பெண் கிடையாது, கொடுத்திருந்தால்தான் அநியாயம். அடுத்த வாரம் அவனுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று அந்தப் பதிமூன்று காட்டியது. ஒன்பது அதைக் காட்டவில்லை.

இதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது. மொழித் தேர்வில் எழுத்துப்பிழையைத்தான் அளக்கிறோம் என்றால் அந்த வரியை எடுக்கக் கூடாது. வேண்டுமானால் தனி மதிப்பெண்ணாக வைத்து, கூடுதல் நேரம் கொடுக்கலாம். கணக்கிலும் அப்படித்தான். வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றத் தெரிகிறதா என்று பார்க்கும்போது வாய்ப்பாட்டு அட்டையைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாய்ப்பாடு மனப்பாடமா என்று பார்க்கும் தேர்வில் அதே அட்டையைக் கொடுத்தால், பார்க்க வேண்டியதைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.